நூற்றைத் தாண்டும் சதவீதம்: பலவிடை வினாக்களின் கணக்கும் அதைச் சுற்றிய விவாதமும்

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் 2011-ஆம் ஆண்டு வீட்டுப்பட்டியல் அட்டவணைகளில், குடும்பங்களின் உடைமைகளைக் காட்டும் வரிசை ஒன்று உள்ளது. நாட்டின் குடும்பங்களில் வானொலி வைத்திருப்போர் 19.9 சதவீதம், தொலைக்காட்சி 47.2, கணினி 9.5, தொலைபேசி அல்லது கைபேசி 63.2, மிதிவண்டி 44.8, இருசக்கர மோட்டார் வாகனம் 21.0, கார், ஜீப் அல்லது வேன் 4.7 என்று அது கூறுகிறது. இந்த ஏழையும் கூட்டினால் 210.3 வருகிறது. அதே கணக்கெடுப்பில் விளக்கெரிக்கும் முதன்மை ஆதாரம் குறித்த அட்டவணையைக் கூட்டினால் சரியாக 100 வருகிறது. ஒரே களப்பணியாளர் ஒரே குடும்பத்திடம் ஒரே நாளில் கேட்ட இரு வினாக்களில் ஒன்று மட்டும் நூறில் நிற்பதும் மற்றொன்று அதை இரட்டிப்பதும் ஏன் என்பது எளிதாக விடை கூறக்கூடிய வினாவைப் போலத் தோன்றினாலும், அந்த விடையிலிருந்து என்ன செய்வது என்பதில் புள்ளியியலாளர்கள் பல பத்தாண்டுகளாக ஒருமித்த கருத்துக்கு வரவில்லை.

வினாவின் வடிவம்

விளக்கு ஆதாரம் பற்றிய வினா ஒரு குடும்பத்துக்கு ஒரே விடையை மட்டும் அனுமதிக்கிறது. மின்சாரமும் மண்ணெண்ணெயும் இரண்டும் பயன்பட்டாலும் 'முதன்மை' என்ற சொல் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் செய்துவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு குடும்பமும் ஏதேனும் ஒரே ஒரு வரிசையில்தான் விழும், வரிசைகளின் கூட்டுத்தொகையும் குடும்பங்களின் எண்ணிக்கைக்குச் சமமாகும். உடைமை வினா அப்படிப்பட்டதன்று. மேட்டுப்பாளையத்தில் ஒரு குடும்பம் தொலைக்காட்சியும் கைபேசியும் ஸ்கூட்டரும் வைத்திருந்தால், அது மூன்று வரிசைகளிலும் ஒவ்வொரு முறை எண்ணப்படுகிறது. ஒவ்வொரு வரிசையையும் வகுக்கும் எண்ணோ மொத்தக் குடும்பங்களின் எண்ணிக்கையாகவே இருக்கிறது. மேலே உள்ள எண் குறிகளை எண்ணுகிறது, கீழே உள்ள எண் குடும்பங்களை எண்ணுகிறது. கூட்டுத்தொகை நூற்றைக் கடப்பதற்கு இந்த வேறுபாடு ஒன்றே காரணம்.

இத்தகைய வினாவைப் பலவிடை வினா என்று அழைக்கலாம். 'பொருந்தும் அனைத்தையும் குறியிடுக' என்ற அறிவுரையுடன் ஒருவரே நிரப்பும் படிவங்களிலும், களப்பணியாளர் கேட்டு எழுதும் படிவங்களிலும் இது இடம்பெறுகிறது. தேசியக் குடும்ப நல ஆய்வின் வினாத்தாள் பின்பற்றும் பன்னாட்டு மரபில் இரண்டையும் பார்த்தவுடன் பிரித்தறியலாம்: ஒரே விடைக்குரிய வினாக்களின் விடைக்குறியீடுகள் எண்களாகவும், பலவிடை வினாக்களுடையவை ஆங்கில எழுத்துகளாகவும் அச்சிடப்படுகின்றன. குடிநீரை எப்படித் தூய்மைப்படுத்துகிறீர்கள் என்ற வினாவில் காய்ச்சுதலும் துணியால் வடிகட்டுதலும் வெவ்வேறு எழுத்துகளைப் பெறுவதால், ஒரு வீட்டில் இரண்டு எழுத்துகளையும் வட்டமிடலாம்.

210.3 என்ற எண்ணுக்குத் துல்லியமான பொருள் ஒன்று உண்டு என்பது பலராலும் கவனிக்கப்படுவதில்லை. அதை நூறால் வகுத்தால் 2.103 கிடைக்கிறது. பட்டியலில் உள்ள ஏழு வகைகளில் ஒரு குடும்பம் சராசரியாக எத்தனை வகைகளை வைத்திருக்கிறது என்பதே அது. எத்தனை பொருள்கள் என்று அதைப் படிப்பது தவறு, ஏனெனில் ஒரே வீட்டில் மூன்று கைபேசிகள் இருந்தாலும் குறி ஒன்றுதான். ஏழில் எதுவுமே இல்லாத குடும்பங்கள் 17.8 சதவீதம் என்றும் அதே அட்டவணை கூறுவதால், ஏதேனும் ஒன்றாவது உள்ள 82.2 சதவீதக் குடும்பங்களுக்குள் மட்டும் பார்த்தால் சராசரி ஏறத்தாழ 2.56 வகைகளாக உயர்கிறது. எதுவுமில்லாதோரின் 17.8-ஐயும் மற்ற வரிசைகளோடு கூட்டி 228.1 என்று எழுதினால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லாமல் போகும், ஏனெனில் உடைமையும் உடைமையின்மையும் ஒரே கணக்கில் கலந்துவிடுகின்றன.

நூறு எங்கே தேவைப்படுகிறது

கூட்டுத்தொகை நூறாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு, ஒரு முழுமையைப் பங்கிடும் பழக்கத்திலிருந்து வருகிறது. பங்கிடப்படும் பொருள் மாறாத அளவுள்ளதாக இருந்தால் அந்த எதிர்பார்ப்பு சரியானது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019 ஜனவரி முதல் டிசம்பர் வரை நடத்திய காலப் பயன்பாட்டு ஆய்வில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. அந்த ஆய்வு ஒருவரின் ஒரு நாளை அரைமணி நேரத் துண்டுகளாகப் பிரித்துப் பதிவுசெய்தது. ஒருவர் ஒரு நாளில் சமையல், வயல்வேலை, குழந்தை பராமரிப்பு மூன்றிலும் ஈடுபடலாம் என்பதால், ஒவ்வொரு செயலிலும் ஈடுபட்டோரின் சதவீதங்களைக் கூட்டினால் நூற்றைத் தாண்டிச் செல்லும். ஆனால் அச்செயல்களுக்குச் செலவான நிமிடங்கள் ஒரு நாளின் 1440-ஐத் தாண்டக் கூடாது. ஒரே அரைமணித் துண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட செயல்கள் நடந்திருந்தால் அந்த நேரத்தை அவற்றிடையே பகிர்வதற்கு அங்கே நியாயம் இருக்கிறது, ஏனெனில் நேரம் உண்மையாகவே பகிரப்படும் பொருள். தொலைக்காட்சி வைத்திருக்கும் வீட்டில் ஸ்கூட்டர் வாங்கப்பட்டால் தொலைக்காட்சியில் எதுவும் குறைவதில்லை.

நிலக்கணக்கு இந்த இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் பதிவாகும் பயிர்ப்பரப்புகளிலிருந்து தொகுக்கப்படும் புள்ளிவிவரத்தில், ஒரே நிலத்தில் ஓராண்டில் இரண்டு பயிர் எடுக்கப்பட்டால் அது மொத்தப் பயிர்ப்பரப்பில் இருமுறையும் நிகரச் சாகுபடிப் பரப்பில் ஒருமுறையும் சேர்கிறது. முதலாவதை இரண்டாவதால் வகுத்து நூறால் பெருக்குவதே பயிர்ச்செறிவு என்ற அளவு. அது நூற்றைத் தாண்டுவதை வேளாண் துறையில் எவரும் பிழையாகக் கருதுவதில்லை. தாண்டிய பகுதியைத்தான் நிலம் எவ்வளவு உழைக்கிறது என்பதன் அடையாளமாக அவர்கள் படிக்கிறார்கள். பலவிடை அட்டவணையின் மிகுதியையும் அதே முறையில் படிக்க முடியும் என்றாலும், சமூக ஆய்வு அறிக்கைகளில் அந்தப் பழக்கம் இன்னும் வேரூன்றியதாகத் தெரியவில்லை.

அடிக்குறிப்பு என்ற விடை

நடைமுறையில் மிகப் பரவலாக உள்ள நிலைப்பாடு, நபர் அல்லது குடும்பத்தை வகுக்கும் எண்ணாக வைத்துக்கொண்டு, பலவிடைகள் அனுமதிக்கப்பட்டதால் கூட்டுத்தொகை நூற்றைத் தாண்டலாம் என்று அடியில் ஒரு வரி எழுதிவிடுவது. அதன் வலிமை வெளிப்படையானது: ஒவ்வொரு வரிசையும் தனித்து நின்று பொருள் தருகிறது. மிதிவண்டி 44.8 என்றால் நூறு குடும்பங்களில் ஏறக்குறைய 45-இல் மிதிவண்டி உண்டு, அடுத்த வரிசையில் என்ன இருந்தாலும் அது மாறாது.

ஆனால் அந்த அடிக்குறிப்பு ஏன் தாண்டுகிறது என்பதைச் சொல்கிறதே தவிர, எதனால் வகுக்கப்பட்டது என்பதைப் பல சமயங்களில் சொல்வதில்லை. 2015-16-இல் நடந்த நான்காவது தேசியக் குடும்ப நல ஆய்வு, அரசு மருத்துவ நிலையங்களைப் பொதுவாகப் பயன்படுத்தாத குடும்பங்களிடம் அதற்கான காரணங்களைக் கேட்டது. சிகிச்சைத் தரம் போதாது என்று 48 சதவீதமும், அருகில் நிலையம் இல்லை என்று 45 சதவீதமும், காத்திருக்கும் நேரம் அதிகம் என்று 41 சதவீதமும் கூறின. மூன்று காரணங்களிலேயே கூட்டுத்தொகை 134 ஆகிவிடுகிறது. வாசகரின் கவனம் இந்த மிகுதியில் சிக்கிக்கொள்ளும்போது அதைவிட முக்கியமான ஒன்று தவறிவிடுகிறது: இந்தச் சதவீதங்கள் நாட்டின் எல்லாக் குடும்பங்களுக்கும் உரியவை அல்ல, அரசு நிலையங்களைப் பயன்படுத்தாத ஏறத்தாழ 55 சதவீதக் குடும்பங்களுக்கு மட்டும் உரியவை. ஆகவே தரக்குறைவைக் காரணமாகக் கூறியவை எல்லாக் குடும்பங்களிலும் 48 சதவீதம் அல்ல, சுமார் 26 சதவீதம். செய்தித்தாள் தலைப்புகளில் 'பாதிக் குடும்பங்கள்' என்று இது உருமாறக்கூடிய அபாயத்தை, கூட்டுத்தொகை பற்றிய அடிக்குறிப்பால் தடுக்க முடியாது. வகுக்கும் எண்ணைப் பெயர் சொல்லி எழுதும் ஒரு வரி அதைத் தடுக்கும்.

நூற்றுக்குள் அடக்கும் முயற்சிகள்

இரண்டாவது நிலைப்பாடு, கூட்டுத்தொகையை நூறாக்கிவிட வேண்டும் என்பது. இதற்கு மிக எளிய வழி, குடும்பங்களுக்குப் பதிலாக மொத்தக் குறிகளால் வகுப்பது. சில புள்ளியியல் மென்பொருள்கள் பலவிடை அட்டவணைகளில் இரண்டு சதவீதங்களையும் அருகருகே அச்சிடுகின்றன, எதை எடுத்து எழுதுவது என்பது எழுதுபவரின் கையில் விடப்படுகிறது. வட்ட வரைபடம் வரைய விரும்புவோர் பெரும்பாலும் குறிகளின் சதவீதத்தையே நாடுகிறார்கள், ஏனெனில் 210 சதவீதத்தை ஒரு வட்டத்துக்குள் வரைய முடியாது.

இந்த வழியின் குறை, இரண்டு காலங்களை ஒப்பிடும்போதுதான் முழுமையாக வெளிப்படுகிறது. 2001-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் வானொலி 35.1, தொலைக்காட்சி 31.6, தொலைபேசி 9.1, மிதிவண்டி 43.7, இருசக்கர மோட்டார் வாகனம் 11.7, கார் வகை 2.5 சதவீதம் என்று பதிவாயின. கூட்டுத்தொகை 133.7. 2011-இல் கணினியை ஒதுக்கிவிட்டு அதே ஆறு வகைகளை மட்டும் எடுத்தால் கூட்டுத்தொகை 200.8. குடும்பங்களால் வகுத்த கணக்கில் மிதிவண்டி 43.7-இலிருந்து 44.8-ஆகச் சற்று உயர்ந்திருக்கிறது. குறிகளால் வகுத்தால் 2001-இல் 43.7-ஐ 133.7-ஆல் வகுத்து 32.7 சதவீதமும், 2011-இல் 44.8-ஐ 200.8-ஆல் வகுத்து 22.3 சதவீதமும் கிடைக்கின்றன. உயர்ந்த ஒன்று மூன்றில் ஒரு பங்கு வீழ்ந்துவிட்டதைப் போலத் தோன்றுகிறது. உண்மையில் நடந்தது, தொலைபேசி வைத்திருக்கும் குடும்பங்கள் 9.1-இலிருந்து 63.2 சதவீதமாகப் பெருகியதுதான். வேறொரு பொருளின் வளர்ச்சி மிதிவண்டியின் கணக்கில் இழப்பாகப் பதிவாகிறது. வானொலியின் வீழ்ச்சியோ எந்தக் கணக்கிலும் உண்மை, 35.1-இலிருந்து 19.9. இவ்விரு வீழ்ச்சிகளில் எது உண்மையானது, எது வகுக்கும் எண் உண்டாக்கியது என்பதைக் குறிகளின் சதவீதம் மட்டும் கையில் இருப்பவர் அறிய வழியே இல்லை.

ஒருவர் இட்ட குறிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஒவ்வொரு குறியின் எடையையும் குறைப்பது இன்னொரு வழி. இரண்டு குறியிட்டவருக்கு ஒவ்வொன்றும் அரை, மூன்று குறியிட்டவருக்கு மூன்றில் ஒன்று. ஒவ்வொரு மனிதரும் சமமாக எண்ணப்படுவதால் இது நியாயமாகப் படலாம். ஆனால் மூன்று காரணங்களைச் சொன்னவர் அவற்றைச் சம வலுவுடன் உணர்ந்தார் என்று கருத வேண்டியிருக்கிறது, வினாவோ அதைக் கேட்கவே இல்லை. 'முதன்மைக் காரணம் எது' என்று கேட்டு ஒரே விடைக்குள் நிறுத்துவது நேர்மையான மாற்று என்றாலும், அருகில் நிலையமும் இல்லை, தரமும் இல்லை என்ற நிலையில் உள்ள குடும்பம் ஒன்றை மறைத்தாக வேண்டும். திட்டமிடுபவருக்குத் தேவைப்படும் செய்தி அந்த மறைந்த பாதியிலும் இருக்கக்கூடும்.

சேர்க்கைகளாகப் பிரித்தல்

நூறையும் காப்பாற்றி உண்மையையும் இழக்காத ஒரு வழி உண்டு. அதுவும் அதே 2011 அட்டவணையிலேயே தொலைபேசி வரிசையில் கையாளப்பட்டிருக்கிறது. தரைவழித் தொலைபேசி மட்டும் உள்ள குடும்பங்கள் 4.0 சதவீதம், கைபேசி மட்டும் உள்ளவை 53.2, இரண்டும் உள்ளவை 6.0 என்று மூன்றாகப் பிரித்திருப்பதால், கூட்டுத்தொகை 63.2 என்ற மொத்தத்தோடு துல்லியமாகப் பொருந்துகிறது. இதையே பலவிடை முறையில் எழுதினால் தரைவழி 10.0, கைபேசி 59.2 என்றாகி, கூட்டுத்தொகை 69.2 ஆகும். மிகுதியான 6.0 எங்கிருந்து வந்தது என்பதைத் தேட வேண்டியதில்லை, இருமுறை எண்ணப்பட்ட குடும்பங்களே அது. பலவிடை மிகுதியின் இயக்கத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு அரசு அட்டவணைகளில் அரிது.

இரண்டு வகைகளுக்கு மூன்று சேர்க்கைகள் போதும். ஏழு வகைகளுக்கோ எதுவுமில்லாததையும் சேர்த்து 128 சேர்க்கைகள் வேண்டும். அவற்றில் பலவற்றில் ஒரு மாவட்டத்தில் விரல்விட்டு எண்ணத்தக்க குடும்பங்களே இருக்கும். மாதிரி ஆய்வுகளில் அத்தகைய சிறிய எண்களை நம்ப முடியாது, முழுக் கணக்கெடுப்பில் அவை தனிக் குடும்பங்களை அடையாளம் காட்டிவிடலாம். ஆகவே தேர்ந்தெடுத்த சில சேர்க்கைகளை மட்டும் வெளியிடுவது வழக்கமாகிறது. தொலைக்காட்சி, கணினி, தொலைபேசி, அவற்றோடு ஸ்கூட்டர் அல்லது கார் ஆகிய அனைத்தும் உள்ள குடும்பங்கள் 4.6 சதவீதம் என்று 2011 அட்டவணை தனியாகக் கூறுகிறது.

இந்த 4.6-ஐத் தனித்தனி வரிசைகளிலிருந்து எவரும் கணக்கிட்டிருக்க முடியாது. கணினி 9.5 சதவீதக் குடும்பங்களில்தான் உள்ளது என்பதால் நான்கும் உள்ளவை 9.5-ஐத் தாண்ட முடியாது என்பது மட்டும் உறுதி. கீழ் எல்லையோ பூச்சியமாகவே இருக்க முடியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜார்ஜ் பூலும் பின்னர் மோரிஸ் ஃபிரேஷேயும் வகுத்த எல்லைகள் இவை. தனி வரிசைகள் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், அவை ஒன்றோடொன்று எப்படிக் கூடி வாழ்கின்றன என்பதை அவை சொல்வதில்லை. மிகுதி எவ்வளவு என்பதைக் கூட்டுத்தொகை காட்டும், மிகுதி யாரிடம் குவிந்திருக்கிறது என்பதைக் காட்டாது. சராசரி 2.1 என்பது எல்லாக் குடும்பங்களும் இரண்டிரண்டு வைத்திருப்பதாலும் வரலாம், சிலரிடம் ஏழும் பலரிடம் ஒன்றும் இருப்பதாலும் வரலாம்.

இந்தக் கூடிவாழ்தலே ஒப்பீட்டுச் சோதனைகளையும் சிக்கலாக்குகிறது. ஒரே மனிதர்களிடமிருந்து வரும் பல சதவீதங்களை, வெவ்வேறு மனிதர்களிடமிருந்து வந்தவற்றைப் போல ஒப்பிடக் கூடாது என்பதை வில்லியம் காக்ரன் 1950-இலேயே கவனித்து அதற்கொரு சோதனையை வகுத்தார். ஆயினும் பலவிடை அட்டவணைக்குச் சாதாரண கை-வர்க்கச் சோதனையை, அதாவது இரு பண்புகளிடையே தொடர்பு உண்டா என்று பார்க்கும் வழக்கமான சோதனையை, அப்படியே பொருத்தும் பழக்கம் நீடித்தது. தாமஸ் லோகினும் பீட்டர் ஷெரரும் 1998-இல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலக் கால்நடை விவசாயிகளின் ஆய்வு ஒன்றை எடுத்துக்கொண்டு இதை விளக்கினர். கால்நடை மருத்துவத் தகவலை எங்கிருந்து பெறுகிறீர்கள் என்ற பலவிடை வினாவுக்கு 262 விவசாயிகள் 453 குறிகளை இட்டிருந்தனர், அதாவது ஏறத்தாழ 173 சதவீதம். 453 குறிகளையும் 453 தனி மனிதர்களைப் போல எண்ணிவிட்டால், ஆய்வில் இல்லாத 191 பேரின் சாட்சியம் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. அதன் பிறகு பல திருத்த முறைகள் முன்மொழியப்பட்டிருந்தாலும், அன்றாட அறிக்கைகளில் அவை பயன்படுவது மிகக் குறைவு என்றே தோன்றுகிறது.

இடப்படாத குறி

மேலே கண்ட நிலைப்பாடுகள் அனைத்தும் இட்ட குறிகளை நம்பித் தொடங்குகின்றன. மற்றொரு தரப்பினர் அதற்கும் முன்னால் சென்று, இடப்படாத குறிக்கு என்ன பொருள் என்று கேட்கிறார்கள். 'பொருந்தும் அனைத்தையும் குறியிடுக' என்ற படிவத்தில் வெற்றாக விடப்பட்ட கட்டம் 'இல்லை' என்றும் ஆகலாம், 'படிக்கவில்லை' என்றும் ஆகலாம், 'தெரியாது' என்றும் ஆகலாம். மூன்றும் தாளில் ஒரேபோலத் தெரிகின்றன.

கென்னத் ராசின்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் 1994-இல், ஒவ்வொரு கூற்றுக்கும் ஆம் அல்லது இல்லை என்று விடை கேட்கும் வடிவத்தோடு ஒப்பிடும்போது, குறியிடச் சொல்லும் வடிவத்தில் குறைவான விடைகளே கிடைப்பதைக் காட்டினர். ஜோலீன் ஸ்மித், டான் டில்மன் முதலியோர் 2006-இல் இணையவழி ஆய்வுகளில் அதே போக்கைக் கண்டதோடு, ஆம்-இல்லை வடிவத்துக்கு விடையளிப்பவர்கள் அதிக நேரம் செலவிடுவதையும், குறியிடும் வடிவத்திலேயே அதிக நேரம் எடுத்துக்கொண்டவர்கள் ஏறக்குறைய அதே அளவுக்குக் குறியிடுவதையும் கவனித்தனர். பட்டியலின் மேற்பகுதியில் தமக்குப் பொருந்தும் ஒன்றிரண்டைக் கண்டதும் போதுமென்று நிறுத்திக்கொள்வோர் இருப்பதை இது உணர்த்துகிறது. அப்படியானால் கூட்டுத்தொகை 170 என்று வந்த அட்டவணை உண்மையில் 220-ஆக இருந்திருக்க வேண்டியதாகவும் இருக்கலாம். நூற்றைத் தாண்டியதே என்று வியப்பவர், போதிய அளவு தாண்டவில்லையோ என்று ஐயுறுவதும் பொருத்தமாக இருக்கும்.

இந்தத் தரப்புக்கும் பலவீனம் உண்டு. ஆம்-இல்லை வடிவத்தில் எதற்கும் 'ஆம்' என்று இசைந்துவிடும் போக்கு எழக்கூடும், குறிப்பாக வீட்டுக்கு வந்த அலுவலரிடம் மறுத்துப் பேசத் தயங்கும் இடங்களில். நீண்ட பட்டியலில் அது களைப்பையும் கூட்டும். இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் உடைமை வினாக்கள் ஒவ்வொரு பொருளுக்கும் தனிப் பத்தி வைத்து, உண்டா இல்லையா என்று களப்பணியாளர் எழுதும்படி அமைந்தவை என்பதால், வெற்றுக் கட்டத்தின் மயக்கம் அங்கே பெரிதும் தவிர்க்கப்படுகிறது. அரசு மருத்துவ நிலையத்தைத் தவிர்ப்பதற்கான காரணம் போன்ற வினாக்களிலோ, குடும்பத்தினர் தாமாகக் கூறியதைக் கேட்டு 'வேறு ஏதாவது?' என்று களப்பணியாளர் தூண்ட வேண்டியிருக்கிறது. ஒருமுறை தூண்டியவருக்கும் மூன்றுமுறை தூண்டியவருக்கும் கிடைக்கும் கூட்டுத்தொகை ஒன்றாக இருக்காது. ஒரே ஆய்வுக்குள் களப்பணியாளர் வாரியாகச் சராசரிக் குறிகளை ஒப்பிட்டுப் பார்த்தால் இந்த வேறுபாடு வெளிப்படும். ஒருவரின் படிவங்களில் மட்டும் சராசரி ஒன்றை ஒட்டியே நின்றால், அவர் சந்தித்த மக்களைவிட அவர் கேட்ட முறையையே முதலில் சரிபார்க்க வேண்டியிருக்கும்.

எஞ்சி நிற்பவை

குடும்பத்தால் வகுத்து, வகுக்கும் எண்ணை வெளிப்படையாக எழுதி, சராசரிக் குறிகளையும் எதுவும் குறிக்காதோரின் பங்கையும் தனியே தரும் முறை, இதுவரை கண்டவற்றில் குறைந்த இழப்புடையதாகத் தோன்றுகிறது. குறிகளால் வகுக்கும் முறையை, குறிகளே ஆய்வுப்பொருளாக உள்ள இடங்களுக்கு, எடுத்துக்காட்டாக ஒரு மருத்துவமனைக்கு வந்த மொத்தப் புகார்களில் எத்தனை எவ்வகையின என்ற கேள்விக்கு, ஒதுக்குவது தகும்.

ஆனால் பட்டியலின் நீளம் பற்றிய சிக்கலுக்கு இவற்றில் எதுவும் விடையளிக்கவில்லை. 2001-இல் ஆறு வகைகளாக இருந்த பட்டியல் 2011-இல் கணினியோடு ஏழானது. பழைய ஆறை மட்டும் எடுத்து ஒப்பிடுவது ஒரு தீர்வுதான் என்றாலும், வானொலி கைபேசிக்குள் புகுந்துவிட்ட பிறகு, வானொலிப் பெட்டி இல்லாத குடும்பம் வானொலி கேட்கவில்லை என்று கொள்ள முடியாது. ஒரே பொருள் இரண்டு வகைகளின் வேலையைச் செய்யத் தொடங்கும்போது, வாழ்க்கை வளம் கூடியிருந்தும் கூட்டுத்தொகை குறையலாம். அந்தக் குறைவை வறுமையாகப் படிப்பதா, வகைப்பாடு காலாவதியானதன் அடையாளமாகப் படிப்பதா என்பதை அட்டவணையின் எண்களைக் கொண்டு மட்டும் முடிவுசெய்ய இயலாது. அதற்குப் பட்டியலை வகுத்தவர்கள் ஒவ்வொரு சொல்லையும் எப்படி வரையறுத்தார்கள் என்ற களக் கையேட்டையும் உடன் வைத்துப் படிக்க வேண்டியிருக்கிறது.